கனமான நாவலில் சிரிப்பு என்ன செய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடங்களாக நண்பர்களோடு நாவல்கள் படித்துப் பேசி வருகிறேன். எழுதுகிற நண்பர்களின் கைப்பிரதிகளையும் படிக்கிறேன். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களில் பெரும்பகுதி ஒரே நாவலைச் சுற்றித்தான் போகும். அமெரிக்க எழுத்தாளர் ஜோசப் ஹெல்லரின் 'கேட்ச்-22', 1961-இல் வெளிவந்தது. பத்து நாவல்களைத் தொட்டுவிட்டுப் போவதைவிட ஒன்றைப் பிரித்துப் பார்த்தால்தான் இந்த விஷயம் பிடிபடும். கதையின் முக்கியமான திருப்பங்களைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது. இன்னும் படிக்காதவர்கள் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாவு, போர், துயரம் பற்றிய நாவலில் காமெடி எதற்கு? கனம் குறைந்துவிடாதா?

குறையலாம். காமெடி அங்கே ஓய்வுக்காக மட்டும் வைக்கப்பட்டிருந்தால் நிச்சயம் குறையும். 'ரொம்ப அழ வைத்துவிட்டோம், கொஞ்சம் சிரிக்கட்டும்' என்று நினைத்து எழுதிய பக்கங்களைப் படிக்கும்போதே தெரிந்துவிடும். அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டாலும் கதைக்கு எதுவும் ஆகாது.

நல்ல நாவலில் சிரிப்புக்கு வேறு வேலை இருக்கிறது. வாசகர் சிரிக்கும்போது அவருடைய காவல் தளர்கிறது. துயரமான காட்சி என்று தெரிந்தால் மனதை முன்கூட்டியே இறுக்கிக்கொள்வோம். சிரிக்கும்போது அப்படிச் செய்வதில்லை. அந்த நேரத்தில் ஒரு பொருளோ வாக்கியமோ வழக்கமோ எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறது. நூறு பக்கம் கழித்து அதே பொருள் திரும்பி வரும், ஆனால் அப்போது சிரிப்பு வராது. முன்பு நாம் எதைப் பார்த்துச் சிரித்தோம் என்பது அப்போதுதான் புரியும். சீரியஸான நாவலில் நகைச்சுவையின் ஆழமான பயன் இதுதான் என்று நினைக்கிறேன். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இதன் விரிவுதான்.

சாதாரண நகைச்சுவைக்கும் கருப்பு நகைச்சுவைக்கும் என்ன வித்தியாசம்?

எதைப் பற்றிச் சிரிக்கிறோம் என்பது ஒரு வித்தியாசம். சாவு, காயம், பைத்தியம், வன்முறை என்று சிரிக்கக்கூடாது என நாம் ஒதுக்கி வைத்தவற்றைத் தொட்டால் அது கருப்பு நகைச்சுவை. நாவலுக்கு இதைவிட முக்கியமானது யார் சிரிக்கிறார்கள் என்பது.

ஃபிராய்டு சொல்லும் ஒரு உதாரணம் பிரபலம். திங்கட்கிழமை காலையில் தூக்குமேடைக்கு அழைத்துப் போகப்படும் ஒருவன், 'இந்த வாரம் நல்லாத்தான் ஆரம்பிக்குது' என்கிறான். இங்கே ஜோக் அடிப்பவன் சாகப்போகிறவனே. அது அவனுடைய தைரியம், அவன் நம்மை ஆறுதல்படுத்துகிறான். கருப்பு நகைச்சுவை நாவலில் பெரும்பாலும் இது நேர்மாறாக இருக்கும். பாத்திரத்துக்குச் சிரிப்பு வராது, அவர் பதறிக்கொண்டிருப்பார். சிரிப்பது நாம் மட்டும்தான். அவருக்கும் நமக்கும் நடுவே இருக்கும் அந்த இடைவெளியைத்தான் நாவலாசிரியர் பிறகு பயன்படுத்திக்கொள்கிறார்.

ஒரு உதாரணம் காட்டுங்கள். ஒரு ஜோக் எப்படி அர்த்தம் மாறுகிறது?

'கேட்ச்-22' இரண்டாம் உலகப் போரில் இத்தாலிக்கு அருகே பியனோசா தீவில் இருக்கும் ஒரு அமெரிக்கக் குண்டுவீச்சு விமானப் படைப்பிரிவின் கதை. ஹெல்லரே அந்தப் போரில் குண்டு வீசும் பணியில் 60 முறை பறந்தவர். கதாநாயகன் யோசரியனுக்கு உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை இல்லை.

நாவலின் நடுவில் ஒரு பதக்கம் வழங்கும் விழா. வீரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். தளபதி பதக்கம் குத்த வருகிறார். யோசரியன் அங்கே ஒட்டுத்துணி இல்லாமல் நிற்கிறான். பதக்கத்தை எதில் குத்துவது? அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்து விழிக்கிறார்கள், காரணம் கேட்கிறார்கள். போன வாரம் அவனுடைய விமானத்தில் ஒருவன் செத்துப்போனான், அவன் ரத்தம் இவன் உடையெல்லாம் ஆகிவிட்டது, இனிமேல் சீருடையே போடமாட்டேன் என்கிறான் என்று யாரோ சொல்கிறார்கள். சரியாகக் கவனியுங்கள், காரணம் அங்கேயே சொல்லப்பட்டுவிடுகிறது. ஆனாலும் நாம் அதைக் கேட்பதில்லை. நிர்வாணமாகப் பதக்கம் வாங்கும் ஒருவனின் படம் அவ்வளவு வேடிக்கையாக இருக்கிறது.

அப்புறம் இன்னொரு காட்சி. செத்துப்போன அந்த இளைஞன் ஸ்னோடனை அடக்கம் செய்கிறார்கள். யோசரியன் அதே கோலத்தில் ஒரு மரத்தில் ஏறி உட்கார்ந்து பார்க்கிறான். படைப்பிரிவின் உணவுப் பொறுப்பாளன் மைலோ, வியாபாரமே மூச்சாக இருப்பவன், மரமேறி அவன் பக்கத்தில் வந்து உட்காருகிறான். எகிப்துப் பருத்தியை மொத்தமாக வாங்கி மாட்டிக்கொண்டான், விற்க முடியவில்லை. பருத்திக்குச் சாக்லேட் பூசி, 'தின்று பார்' என்று யோசரியனிடம் நீட்டுகிறான். கீழே சவப்பெட்டி இறங்குகிறது. மேலே சாக்லேட் பூசிய பஞ்சைத் தின்ன முடியுமா முடியாதா என்று விவாதம்.

நாவலுக்கு 42 அத்தியாயங்கள். ஸ்னோடனின் சாவு முழுதாகச் சொல்லப்படுவது 41-ஆவதில். அதற்கு முன்பே பல இடங்களில் ஒரு வரி, இரண்டு வரி என்று அது எட்டிப் பார்க்கிறது. கடைசியில் யோசரியன் விமானத்தின் பின்பகுதிக்குத் தவழ்ந்து போகிறான். ஸ்னோடனின் தொடையில் பெரிய காயம். மிகக் கவனமாக, அழகாகக் கட்டுப்போடுகிறான். 'குளிர்கிறது' என்று ஸ்னோடன் முனகிக்கொண்டே இருக்கிறான். அதற்கப்புறம்தான் கவச உடைக்குள்ளிருந்து கசியும் கறையை யோசரியன் பார்க்கிறான். கவசத்தைத் திறந்ததும் ஸ்னோடனின் குடல் வெளியே சரிகிறது.

இதைப் படித்ததும் பதக்க விழாவின் நிர்வாணம் வேறொன்றாகிவிடுகிறது. அது கோமாளித்தனம் இல்லை. இன்னொருவனின் உள்ளுறுப்புகளைத் தன் உடையில் சுமந்தவன் அந்த உடையைத் திரும்பப் போட முடியாமல் நிற்கிறான். அந்த ராணுவத்தில் சுயபுத்தியோடு நடந்துகொண்டவன் அவன் ஒருவன்தான் என்றும், சிரித்த நாம் அந்த அதிகாரிகளின் வரிசையில் நின்றிருந்தோம் என்றும் அப்போது புரிகிறது.

இதை நேரான வரிசையில் சொல்லியிருந்தால் இதே பாதிப்பு வராதா?

வராது. காலவரிசைப்படி ஸ்னோடன் சாவது முன்னாலும் யோசரியன் நிர்வாணமாக நிற்பது பின்னாலும் நடக்கின்றன. அந்த வரிசையில் சொன்னால் பதக்க விழாவில் யாருக்கும் சிரிப்பு வராது, பரிதாபம்தான் வரும். பரிதாபம் நல்ல உணர்ச்சிதான், ஆனால் அதில் வாசகருக்குப் பங்கு இல்லை. வெளியே நின்று வருத்தப்படுவதோடு சரி.

ஹெல்லர் விளைவை முதலிலும் காரணத்தைக் கடைசியிலும் வைக்கிறார். காரணம் தெரியாத நடத்தை வேடிக்கையாகத்தான் தெரியும். தெருவில் ஒருவர் தனக்குத்தானே பேசிக்கொண்டு போனால் முதலில் சிரிப்போம், ஏன் என்று தெரிந்தபின் சிரிக்க மாட்டோம். இந்த நாவலின் அமைப்பே அப்படித்தான். எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது, நகைச்சுவை இங்கே வாக்கியத்தில் இருப்பதைவிட அதிகமாக அடுக்குமுறையில் இருக்கிறது. எதை எப்போது சொல்வது என்பதில்.

'கேட்ச்-22' என்ற அந்த விதியே ஒரு ஜோக்தானே? அதில் என்ன ஆழம்?

முதலில் வரும்போது ஜோக்தான், அருமையான ஜோக். பைத்தியம் பிடித்தவனைப் பறப்பதிலிருந்து விடுவிக்கலாம், ஆனால் அவன் வந்து கேட்க வேண்டும். கேட்டால் உயிர் மேல் ஆசை இருக்கிறது என்று ஆகிவிடும், அப்படியென்றால் புத்தி தெளிவாக இருக்கிறது, எனவே பறக்க வேண்டும். மருத்துவர் டேனீகா இதை விளக்கும்போது, அதன் கச்சிதத்தைப் பார்த்து யோசரியனே வியந்து பாராட்டுகிறான். நாமும் புதிர் அவிழ்ந்த மாதிரி சிரிக்கிறோம். இது ஐந்தாவது அத்தியாயத்தில்.

39-ஆவது அத்தியாயத்தில் யோசரியன் ரோமுக்குப் போகிறான். வீரர்கள் வழக்கமாகப் போகும் வீடு சூறையாடப்பட்டுக் கிடக்கிறது, பெண்கள் யாரும் இல்லை. ஒரு கிழவி மட்டும் உட்கார்ந்திருக்கிறாள். ராணுவப் போலீஸ் வந்து எல்லோரையும் தெருவில் விரட்டிவிட்டது என்கிறாள். என்ன உரிமையில் என்று கேட்டால், 'கேட்ச்-22' என்று சொன்னார்களாம். நம்மால் தடுக்க முடியாத எதையும் அவர்கள் செய்யலாம் என்று அது சொல்கிறதாம். அதைக் காட்டச் சொல்லிக் கேட்டீர்களா என்றால், காட்டத் தேவையில்லை என்பதும் அந்த விதியிலேயே இருக்கிறதாம்.

சொல் மாறவில்லை, சுற்றிச் சுற்றி வரும் தர்க்கமும் மாறவில்லை. முதல் முறை அது அறிவு விளையாட்டு, இரண்டாம் முறை கதவை உடைக்கிற பூட்ஸ் கால். முதல் முறையின் சாமர்த்தியம் எதை மூடி வைத்திருந்தது என்பது இங்கே வெளியே வருகிறது. அதிகாரம் வேடிக்கையாகப் பேசும்போது அதன் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க நாம் மறந்துபோகிறோம். இதை ஒரு கட்டுரையில் எழுதினால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். நாவலில் நாமே சிரித்திருக்கிறோம் என்பதால் அப்படிப் போக முடிவதில்லை.

ஒரு கோரமான சாவுக்கு அடுத்த பக்கத்திலேயே காமெடி வருகிறது. இது மரியாதைக் குறைவாக இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் டேனீகா அத்தியாயத்தைச் சொல்கிறார்கள். அதை நிதானமாகவே பார்க்கலாம்.

கடற்கரையில் மெக்வாட் என்ற விமானி விளையாட்டாகத் தாழ்வாகப் பறக்கிறான். விமானத்தின் விசிறி கிட் சாம்சன் என்ற இளைஞனை இரண்டாக வெட்டிவிடுகிறது. மெக்வாட் விமானத்தை மேலே ஏற்றி, மலையில் மோதித் தானும் சாகிறான். படிக்கவே நடுக்கம் தரும் பக்கங்கள் அவை. மருத்துவர் டேனீகாவுக்குப் பறக்கப் பயம், ஆனால் பறப்பவர்களுக்குத் தரும் கூடுதல் சம்பளம் வேண்டும். அதனால் விமானத்தில் ஏறாமலே தன் பெயரை மட்டும் பயணிகள் பட்டியலில் எழுதச் சொல்வார். அன்றைய மெக்வாட் விமானத்தின் பட்டியலிலும் அவர் பெயர் இருந்தது. டேனீகா கரையில், எல்லோருக்கும் நடுவில் நிற்கிறார். 'நான் இங்கேதான் இருக்கிறேன்' என்கிறார். ஆனால் காகிதத்தின்படி அவர் செத்துவிட்டார்.

அதன் பிறகு அவருக்குச் சம்பளம் இல்லை, சாப்பாடு கூட ஒழுங்காக இல்லை. அவர் உயிரோடு இருப்பதே எல்லோருக்கும் தொந்தரவு. ஊரில் மனைவிக்குத் தந்தி போகிறது, அவள் கதறுகிறாள். பிறகு காப்பீட்டுப் பணம் ஒவ்வொன்றாக வந்து சேர்கிறது. டேனீகா 'நான் சாகவில்லை' என்று கடிதம் எழுதுகிறார். அவள் நம்பலாமா என்று தவிக்கும்போது படைப்பிரிவின் தலைவர் கர்னல் கேத்கார்ட்டிடமிருந்து ஓர் இரங்கல் கடிதம் வருகிறது. அச்சடித்த படிவம். உங்கள் கணவர், மகன், தந்தை அல்லது சகோதரர் கொல்லப்பட்டபோது, காயம்பட்டபோது அல்லது காணாமல் போனபோது தனிப்பட்ட முறையில் தனக்கு ஏற்பட்ட ஆழ்ந்த வருத்தத்தை வார்த்தையில் சொல்ல முடியாது என்கிற கடிதம். அவள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, புது விலாசம் சொல்லாமல் வேறு ஊருக்குப் போய்விடுகிறாள்.

சிரிப்பு தாங்காது. ஆனால் இது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். உண்மையான இரண்டு சாவுகளுக்கு அடுத்ததாக. அந்தச் சாவுகளின்போது நாம் நடுங்கினோம், ராணுவம் நடுங்கவில்லை. கர்னல் செய்ததெல்லாம் வீரர்கள் பறக்க வேண்டிய எண்ணிக்கையை 65 ஆக்கியது, டேனீகாவும் செத்தார் என்று கேள்விப்பட்டதும் 70 ஆக்கியது. உடல் சிதறிச் செத்தவனுக்கும் சாகாமலே செத்தவனுக்கும் அந்த அலுவலகத்தில் ஒரே படிவம்தான். இதைச் சோகமாகச் சொல்ல முடியாது. சோகம் என்றால் அங்கே யாரோ வருத்தப்பட வேண்டும், யாருமே வருத்தப்படாத இடத்தைக் காட்ட இந்த வறண்ட சிரிப்புதான் சரியான கருவி. எனவே மரியாதைக் குறைவு இருக்கிறது, அது நாவல் சித்தரிக்கும் உலகத்தில் இருக்கிறது. நாவல் அதை மறைக்காமல் வைக்கிறது.

இன்னொன்றையும் சேர்த்துப் படியுங்கள். யோசரியனின் கூடாரத்தில் 'செத்தவன்' ஒருவன் இருக்கிறான் என்று ஆரம்பத்திலிருந்தே ஒரு ஜோக் ஓடும். மட் என்ற அந்த வீரன் முறைப்படி வந்து பதிவு செய்வதற்கு முன்பே வானில் கொல்லப்பட்டவன். வரவே இல்லாதவனின் சாமான்களை எப்படி அப்புறப்படுத்துவது? அவை கட்டிலிலேயே கிடக்கின்றன. மட் செத்தும் சாகவில்லை, டேனீகா சாகாமலே செத்துவிட்டார். இந்த இரண்டு ஜோக்குகளும் ஒன்றை ஒன்று பார்த்து நிற்கின்றன.

இந்த மாதிரி சிரிப்புக்குத் தமிழில் ஏதாவது பெயர் இருக்கிறதா?

பேச்சில் டார்க் காமெடி என்கிறோம், எழுத்தில் கருப்பு நகைச்சுவை, அவல நகைச்சுவை என்கிறோம். அங்கதம், பகடி, நையாண்டி ஆகியவை பக்கத்து வீட்டுக்காரர்கள்.

எனக்கு இதைவிட உதவியாக இருந்தது, எட்டு உணர்ச்சிகளை மெய்ப்பாடுகள் என்று வகுக்கும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். நகை எங்கிருந்து பிறக்கிறது என்று அது நான்கைச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் என்பது கேலி. பேதைமை அறியாமை. மடன் என்பதற்கு, கற்பித்ததைப் பிடித்துக்கொண்டு, பிடித்ததை விடாமல் இருப்பது என்று பொருள் சொல்வார்கள். டேனீகா கண்ணெதிரே நிற்கும்போது பட்டியலைப் பார்த்து அவர் செத்துவிட்டார் என்று சொல்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

கைப்பிரதிகளைப் படிக்கும்போது இந்தப் பிரிவினை கைகொடுக்கிறது. எள்ளலில் பிறக்கும் சிரிப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும், ஏனென்றால் எழுதுபவர் பாத்திரத்துக்கு மேலே நிற்கிறார். பேதைமையிலும் மடனிலும் பிறக்கும் சிரிப்பு திரும்பி வரும். பாத்திரம் தன் மனதறிந்து நேர்மையாகத்தான் நடந்துகொள்கிறது, தப்பு எங்கே என்று அதற்குத் தெரியவில்லை. அதே எட்டு மெய்ப்பாடுகளின் வரிசையில் நகைக்கு அடுத்ததாக அழுகை வைக்கப்பட்டிருப்பதும் எனக்குப் பிடித்த ஒரு விஷயம்.

ஜோக் எங்கே நிற்க வேண்டும்? கடைசி வரை சிரிக்க வைக்கலாமா?

நிறுத்தியே ஆக வேண்டிய இடம் ஒன்று வரும், அந்த இடம் தவறினால் முன்னால் சேர்த்ததெல்லாம் வீண். ஹெல்லர் நிறுத்தும் விதத்தைப் பாருங்கள்.

மைலோ படைப்பிரிவின் பொருட்களை எடுத்து விற்பது நாவல் முழுக்க ஓடும் ஜோக். லாபத்தில் எல்லோருக்கும் பங்கு உண்டு என்பான். ஓரிடத்தில் விமானம் கடலில் இறங்குகிறது. உயிர்காக்கும் மிதவை உடைகளை ஊத முயன்றால் காற்று வரவில்லை. உள்ளே இருந்த வாயு உருளைகளை மைலோ எடுத்து, அதிகாரிகளின் உணவகத்தில் ஐஸ்கிரீம் சோடா செய்துவிட்டான். மைலோவின் நிறுவனத்துக்கு நல்லது நாட்டுக்கும் நல்லது என்று ஒரு சீட்டு மட்டும் இருக்கிறது. அந்தக் குழுவினர் எப்படியோ பிழைத்துவிடுவதால் நாம் மனம் விட்டுச் சிரிக்கலாம்.

41-ஆவது அத்தியாயத்தில் ஸ்னோடன் வலியில் துடிக்கும்போது யோசரியன் முதலுதவிப் பெட்டியைத் திறக்கிறான். 12 மார்ஃபின் ஊசிகள் இருக்க வேண்டிய இடம் காலி. அங்கே அதே சீட்டு, அதே வாக்கியம். யோசரியன் மைலோவைத் திட்டிவிட்டு, கையில் இருக்கும் ஆஸ்பிரின் மாத்திரைகளை நீட்டுகிறான். ஸ்னோடனால் அவற்றை வாயில் வாங்கக்கூட முடியவில்லை.

ஆசிரியர் இங்கே எதையும் கூட்டவில்லை. 'பார்த்தீர்களா' என்று கேட்கவில்லை. ஜோக்கை அப்படியே, எழுத்து மாறாமல், வலி இருக்கும் இடத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். அந்தச் சீட்டைத் தவிர அந்தப் பக்கங்களில் நகைச்சுவைக்கு இடமே இல்லை. 'குளிர்கிறது' என்று ஒருவன் சொல்வதும், சமாதானம் சொல்ல வேறு வார்த்தை தெரியாமல் இன்னொருவன் திணறுவதும்தான் இருக்கின்றன. 40 அத்தியாயங்கள் வாயாடிய நாவல் இங்கே குரலைத் தாழ்த்துகிறது. அந்த அமைதி கேட்பதற்குக் காரணம் முன்னால் இருந்த சத்தம்தான்.

இந்த நாவலில் எல்லா ஜோக்கும் இப்படி வேலை செய்கிறதா?

இல்லை. பெண்களை வைத்து வரும் ஜோக்குகள் பல இன்று படிக்கும்போது வெறும் ஜோக்காகவே நின்றுவிடுகின்றன. நேட்லி என்ற இளைஞன் காதலிக்கும் பெண்ணுக்கு நாவல் கடைசிவரை ஒரு பெயர்கூட வைப்பதில்லை. ஸ்னோடனுக்குக் கிடைத்த திரும்பிப் பார்த்தல் அவளுக்குக் கிடைக்கவில்லை. ரோம் அத்தியாயத்தில் ஒரு பணிப்பெண் கொல்லப்படும்போது நாவல் விழித்துக்கொள்கிறது. கொன்றவனை விட்டுவிட்டு, அனுமதிச் சீட்டு இல்லாமல் வந்ததற்காக யோசரியனைக் கைது செய்கிறார்கள். அந்த இடம் அசலானது. ஆனாலும் முந்தைய சிரிப்புகளின் கடன் முழுவதும் அங்கே தீரவில்லை.

நான் எழுதும் நாவலில் காமெடி ஒட்டாமல் தனியாக நிற்கிறது. எப்படிச் சரிசெய்வது?

முதலில் பாத்திரத்துக்குத் தான் வேடிக்கையாக இருப்பது தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பெரும்பாலும் அங்கேதான் கோளாறு. அடுத்து, கதைசொல்லி இடையில் வந்து 'அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது' என்று எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் அடித்துவிடுங்கள். சிரிப்பு வந்ததா என்று வாசகருக்குத் தெரியும்.

ஒரு சின்னக் காட்சியைச் செய்து பார்க்கலாம். அப்பா இறந்துவிட்டார். அடக்கத்துக்கு முன் அவருடைய மூக்குக் கண்ணாடியை அவருக்குப் போட்டுவிட வேண்டும் என்று அம்மா சொல்கிறாள். கண்ணாடியைக் காணவில்லை.

முதல் வடிவம்: 'துக்க வீடே கண்ணாடி தேடும் படலமாக மாறியது. மாமா கட்டிலுக்கடியில் நுழைந்து மாட்டிக்கொண்டார். அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.' இதில் கட்டிலுக்கடியில் மாட்டிக்கொண்டவருக்கும் அப்பாவுக்கும் சம்பந்தமில்லை. இதை வேறு எந்த வீட்டுக் காட்சியிலும் ஒட்டலாம். கதைசொல்லியும் எல்லோரும் சிரித்ததாக நமக்கு அறிவிக்கிறார்.

இரண்டாம் வடிவம்: 'அண்ணன் அலமாரியை இரண்டாவது முறையாகக் கலைத்தான். எதையும் சரியாகத் தேடத் தெரியாத வீடு என்று எங்களைத் திட்டினான். கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான். அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ போட்டிருக்கிறது யாருது?" என்றாள்.' காலையில் பதற்றத்தில் மேசையிலிருந்ததை எடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு நன்றாகத் தெரிகிறது, அதனால் சந்தேகமே வரவில்லை.

இங்கே சிரிப்பு அண்ணனின் பேதைமையிலிருந்து வருகிறது, அதோடு ஒரு செய்தியையும் கொண்டுவருகிறது. அப்பாவின் கண்ணாடி அவனுக்குப் பொருந்துகிறது. அதை இப்போது விளக்காதீர்கள். நூறு பக்கம் தள்ளி, அவன் தன் மகனிடம் அப்பா பேசிய அதே கடுமையோடு பேசும் ஒரு இரவில், விளக்கை அணைக்கப் போகிறவன் முதலில் கண்ணாடியைக் கழற்றி, அப்பா வைக்கும் அதே இடத்தில் வைக்கட்டும். அவ்வளவு போதும்.

அந்த இரண்டாவது இடம் உங்கள் கதையில் இல்லையென்றால் முதலாவதை எவ்வளவு மெருகேற்றினாலும் அது தனியாகத்தான் நிற்கும். சில சமயம் அந்த இடம் எழுதி முடித்த பிறகுதான் அகப்படும். ஆகவே முதல் படியிலேயே ஜோக்குகளை வெட்டிவிட வேண்டாம், ஒவ்வொன்றும் எந்தப் பக்கத்தில் திரும்பி வரக்கூடும் என்று தேடிப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

மொழிபெயர்ப்பில் படித்தால் இந்த நகைச்சுவை போய்விடுமா?

சொல்லை நம்பியது போய்விடும், நிலைமையை நம்பியது தங்கிவிடும். நான்காவது அத்தியாயத்தில் ஒரு வகுப்பில் யோசரியன் திடீரென்று, 'போன வருடத்து ஸ்னோடன்கள் எங்கே?' என்று கேட்கிறான். 'போன வருடத்துப் பனியெல்லாம் எங்கே' என்ற வியோனின் பழைய பிரெஞ்சுக் கவிதை வரி ஆங்கிலத்தில் பிரபலம். பனிக்கான ஆங்கிலச் சொல்லும் ஸ்னோடன் என்ற பெயரும் ஒலியில் ஒட்டுகின்றன. தமிழில் அந்த ஒட்டு கிடையாது. அது கிடைக்காவிட்டாலும், வகுப்பில் யாருக்கும் புரியாத கேள்வியை ஒருவன் ஏன் அவ்வளவு அவசரமாகக் கேட்கிறான் என்பது எந்த மொழியிலும் மிச்சமிருக்கும்.

நூறு பக்கத்தில் மூடிவிட்டேன். ஒரே ஜோக் திரும்பத் திரும்ப வருவது போல இருந்தது. மறுபடி எடுக்கலாமா?

நானும் முதல் தடவை அப்படி மூடியவன்தான், அலுப்பு நியாயமானது. இரண்டாம் முறை எடுக்கும்போது ஜோக்கைத் தேடாமல், அதில் வரும் பொருட்களைக் கவனியுங்கள்: சீட்டு, பட்டியல், படிவம், சீருடை.

முதல் அத்தியாயத்தில் மருத்துவமனையில் உடல் முழுக்கக் கட்டுப்போட்ட ஒரு வீரன் கிடக்கிறான். ஒரு புட்டியிலிருந்து தெளிந்த திரவம் அவன் கைக்குள் போகிறது, இன்னொரு புட்டிக்குள் தெளிந்த திரவம் வெளியேறுகிறது. மேலே காலியாகி, கீழே நிறைந்ததும் இரண்டையும் சட்டென்று இடம் மாற்றி வைத்துவிடுகிறார்கள். முதல் தடவை நான் வாய்விட்டுச் சிரித்த இடம் இது. ஸ்னோடனைப் படித்துவிட்டுத் திரும்பி வந்தபோது, அந்த இரண்டு புட்டிகளுக்கும் நடுவில் ஒருவன் படுத்திருப்பதைப் பார்த்தேன்.